மீட்டரில் 12.6 வோல்ட், கரண்ட் போனால் ஐந்து நொடி

கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும், அதற்குள் வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைத்துவிடலாம். யூ.பி.எஸ். வாங்குவது இதற்காகத்தான். ஆனால் மூன்று நான்கு ஆண்டு ஓடிய யூ.பி.எஸ். பலவற்றில் நடப்பது வேறு. மின்விசிறி நிற்கும் அதே கணத்தில் அது ‘பீப் பீப்’ என்று கத்தும். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் ‘சேவ்’ கொடுக்க மவுஸை நகர்த்துவதற்குள் திரை இருண்டுவிடும். கரண்ட் திரும்பியதும் பச்சை விளக்கு பழையபடி எரியும். பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டும். “பேட்டரி நல்லாத்தானே இருக்கு” என்று அதையே திரும்பப் பொருத்திக் கொடுப்பவர்களும் உண்டு.

மீட்டர் பொய் சொல்லவில்லை. பேட்டரி கெட்டுப்போயிருப்பதும் உண்மைதான். சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட்டேஜும், சுமை ஏறியபின் அதே பேட்டரியின் வோல்ட்டேஜும் வேறு வேறு. யூ.பி.எஸ். கோளாறுகளில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தெரிந்தாலே போதும்.

ஒரு டி.டி.பி. கடையின் கணக்கு

சிறு நகரம் ஒன்றில் இருக்கும் டி.டி.பி. கடையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேசையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர். கீழே, சுவரை ஒட்டி, 600 வி.ஏ. யூ.பி.எஸ். வீடுகளிலும் சிறு கடைகளிலும் அதிகம் காணப்படும் அளவு இதுதான். இதற்குள் பெரும்பாலும் ஒரே ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரி இருக்கும். செங்கல்லைவிடச் சற்றுச் சிறியது, ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்ட வகை.

கடையில் இரண்டு தொல்லைகள். லேசர் பிரிண்டரில் அச்சுக் கொடுக்கும்போதெல்லாம், கரண்ட் இருக்கையிலேயே, யூ.பி.எஸ். நீளமாகக் கத்துகிறது. கரண்ட் போனாலோ ஐந்து நொடிகூடத் தாங்குவதில்லை. கடைக்காரர் இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைக்கிறார். உண்மையில் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். காரணமும் வேறு, தீர்வும் வேறு.

முதலில் கத்தலின் வகையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் விட்டு விட்டு வரும் ‘பீப்’ என்பது யூ.பி.எஸ். இப்போது பேட்டரியில் ஓடுகிறது என்ற அறிவிப்பு. அது வேகமெடுத்தால் பேட்டரி தீரப்போகிறது என்று பொருள். இடைவெளியே இல்லாமல் நீண்டு ஒலித்தால் ஓவர்லோடு, அல்லது உள்ளே ஏதோ கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி இந்த முறை மாறும் என்பதால், கூடவே வந்த கையேட்டை ஒருமுறை பார்த்து, அந்த மாடலின் ஒலிகளை ஒரு தாளில் எழுதி யூ.பி.எஸ். மேலேயே ஒட்டிவைப்பது பயன் தரும்.

சுவரில் கரண்ட் இருந்தும் விட்டு விட்டுக் கத்தினால், அந்தக் கரண்ட் யூ.பி.எஸ்.ஸுக்குள் போகவில்லை, அல்லது போகிற கரண்டை அது ஏற்க மறுக்கிறது என்று அர்த்தம். பிளக் தளர்ந்திருக்கலாம். பின்புறம் உள்ள ஃப்யூஸ் போயிருக்கலாம், அல்லது சிறு பிரேக்கர் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கலாம். மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் மிகவும் இறங்கியிருக்கலாம். ஜெனரேட்டர் ஓடும் கடைகளில் அதன் வேகம் சீராக இல்லாவிட்டாலும் யூ.பி.எஸ். பேட்டரிக்குத் தாவிவிடும். இப்படி அடிக்கடி தாவும்போது உள்ளே ரிலே ‘டக், டக்’ என்று அடிப்பது காதில் விழும். பேட்டரியைக் குறைசொல்லும் முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

600 என்றால் 600 வாட் அல்ல

டி.டி.பி. கடையின் முதல் தொல்லை ஓவர்லோடு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 600 என்பது வி.ஏ. கணக்கு. அதே யூ.பி.எஸ்.ஸின் பின்புற ஒட்டுத்தாளில் சிறிய எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். அது உண்மையில் தூக்கக்கூடிய சுமை அவ்வளவுதான்.

அலுவலக வேலைக்கான சாதாரணக் கம்ப்யூட்டர் 60 முதல் 90 வாட் வரை இழுக்கும், மானிட்டர் 20 முதல் 30 வாட். இரண்டும் சேர்ந்து 110 வாட் என்று வைத்துக்கொண்டால் 360 வாட் யூ.பி.எஸ்.ஸுக்கு அது எளிய சுமை. இணைய மோடத்தையும் ரூட்டரையும் சேர்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து வாட் கூடும். அதுவும் பிரச்சினை இல்லை.

லேசர் பிரிண்டர் அப்படி இல்லை. மைப்பொடியைத் தாளில் உருக்கிப் பிடிக்கவைக்க அதனுள் ஒரு ரோலர் சூடேறுகிறது. அந்த ரோலரைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடும் கணங்களில் சிறிய பிரிண்டர்கூட 700, 800 வாட் என்று இழுக்கும். இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. சுவரில் கரண்ட் இருக்கும்வரை இவ்வகை யூ.பி.எஸ். அந்தக் கரண்டைத்தான் பிரிண்டருக்குக் கடத்துகிறது. ஆகவே கத்துவதோடு நிறுத்திக்கொள்கிறது. கரண்ட் போன நேரத்தில் பிரிண்டர் சூடேற முயன்றால் முழுச் சுமையும் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் மேல் விழும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே வெளியீட்டை வெட்டிவிடும். கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்துபோகும்.

எனவே லேசர் பிரிண்டரின் இடம் யூ.பி.எஸ். அல்ல, சுவர் சாக்கெட். யூ.பி.எஸ்.ஸிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து டேபிள் ஃபேனும் செல்போன் சார்ஜரும் மாட்டியிருந்தால் அவற்றையும் கழற்ற வேண்டும். இங்க்ஜெட் பிரிண்டர் குறைவாகவே இழுக்கும் என்றாலும், கரண்ட் போன நேரத்தில் யாரும் அச்சடிக்கப் போவதில்லை. விளையாட்டுக்காகவோ வீடியோ எடிட்டிங்குக்காகவோ கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டராக இருந்தால் கணக்கே மாறிவிடும். முழு வேகத்தில் ஓடும்போது அது தனியாகவே 350, 400 வாட்டைத் தொடக்கூடும். அதை 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் மாட்டியவர் புதுப் பேட்டரி போட்டாலும் பயனில்லை, 1000 வி.ஏ.வுக்கு மேல் போகத்தான் வேண்டும்.

கடையில் பிரிண்டர் வயரைச் சுவருக்கு மாற்றியதும் அச்சு நேரக் கத்தல் நின்றுவிட்டது. ஆனால் கரண்ட் போனால் ஐந்து நொடிதான் என்பது மட்டும் மாறவில்லை.

சுமை ஏறியதும் சரியும் வோல்ட்டேஜ்

110 வாட் சுமைக்கு அந்தப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? 12 வோல்ட்டை 7 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 84 வாட்-மணி. இன்வெர்ட்டரில் சூடாகி வீணாவதைக் கழித்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில் புதுப் பேட்டரியே பதினைந்து முதல் இருபது நிமிடம்தான் நிற்கும்.

காரணம் அந்த 7 என்ற எண்ணிலேயே இருக்கிறது. அது இருபது மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. யூ.பி.எஸ். எடுப்பதோ அதைப்போல் முப்பது மடங்குக்கு மேல். 110 வாட் வெளியே தர, இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 137 வாட்டைப் பேட்டரியிடமிருந்து அது வாங்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 11.5 ஆம்பியர். இந்த வேகத்தில் இழுக்கும்போது, தகடுகளின் ஆழத்தில் உள்ள பொருள் வேதிவினைக்கு வந்து சேருவதற்குள் மேற்பரப்பில் உள்ளது தீர்ந்துவிடுகிறது. எனவே எழுதியிருக்கும் அளவில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான் கைக்குக் கிடைக்கும்.

இனி வயதான பேட்டரிக்கு வருவோம். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் சிறிது மின்தடை உண்டு. புது 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது ஒரு ஓமில் நாற்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும், அதாவது 0.025 ஓம். 11.5 ஆம்பியர் அதன் வழியே ஓடினால் இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. 12.6 வோல்ட் பேட்டரி 12.3 என்று காட்டும். யூ.பி.எஸ்.ஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

வயதாக ஆக இந்த உள்தடை ஏறுகிறது. கடையின் பேட்டரியில் அது 0.17 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே 11.5 ஆம்பியருக்கு இப்போது இழப்பு ஏறக்குறைய 2 வோல்ட். 12.6-ல் தொடங்கியது, சுமை ஏறிய கணத்திலேயே 10.6-க்கு விழுகிறது. வோல்ட்டேஜ் குறைந்தால் அதே 137 வாட்டைத் திரட்ட இன்வெர்ட்டர் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். அது 13 ஆம்பியர் ஆகும்போது இழப்பும் கூடி, வோல்ட்டேஜ் 10.4-க்கு இறங்கும். பேட்டரி பாழாகாமல் இருக்க 10.5 வோல்ட் வாக்கில் நிறுத்திவிடும்படி பெரும்பாலான யூ.பி.எஸ்.கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. வெட்டு விழுகிறது, திரை இருள்கிறது. சுமை போன மறுகணமே இழப்பும் இல்லாமல் போவதால் பேட்டரி மீண்டும் 12.6-ஐ நோக்கி ஏறுகிறது. அப்போது மீட்டர் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் படுவது இந்த எண்தான்.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும், உப்புப் படிந்து அடைத்துப்போன குழாயில் சொட்டுச் சொட்டாக வருவதைப் போன்றது இது. குழாயை மூடிவைத்து அழுத்தத்தை அளந்தால் குறையே தெரியாது. திறந்துவிட்டால்தான் தெரியும்.

கரண்ட் போகாத வீட்டிலும்

“எங்க வீட்ல கரண்ட் கட்டே கிடையாது, பேட்டரியை யூஸே பண்ணல, அது எப்படிப் போகும்?” என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இந்த வகைப் பேட்டரி உழைத்து மட்டும் தேய்வதில்லை, சும்மா இருந்தே தேய்கிறது.

யூ.பி.எஸ். சுவரில் செருகியிருக்கும்வரை பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வோல்ட்டில் ஒரு மெல்லிய சார்ஜ் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அது எப்போதும் நிறைந்திருக்கிறது. ஆனால் அதே சார்ஜில் நேர்முனைத் தகட்டின் ஈயச் சட்டம் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சிலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முத்திரையிட்ட பேட்டரி என்றாலும் அதில் சிறு வால்வு உண்டு. உள்ளழுத்தம் ஏறினால் வாயு அதன் வழியே போய்விடும், போன ஈரத்தைத் திரும்ப ஊற்ற வழியில்லை. சட்டம் அரிந்து, பஞ்சு காய்ந்து, உள்தடை ஏறுகிறது.

இந்தத் தேய்மானத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 20 முதல் 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படும் பேட்டரி, ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் மே மாதத்தில் அறை வெப்பமே 40 டிகிரியைத் தொடும். யூ.பி.எஸ். பெட்டிக்குள், சூடாகும் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், அதைவிடக் கூடுதல். அந்தக் கடையில் பேட்டரி இரண்டு ஆண்டுகளில் சோர்ந்தால் வியப்பதற்கில்லை. யூ.பி.எஸ்.ஸைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, காற்றோட்டமாக, வெயில் படாத இடத்தில் வைத்தால் பலன் கண்கூடாகத் தெரியும்.

இன்னொரு எதிரி, காலியாகவே விட்டுவைப்பது. கரண்ட் போய்ப் பேட்டரி தீர்ந்தபின் யூ.பி.எஸ்.ஸை அப்படியே அணைத்து, விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போனால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டியாக வளரும். அதன்பின் சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. தீர்ந்த பேட்டரியை அன்றே சார்ஜ் செய்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரை வைத்துச் சோதிக்காதீர்கள்

யூ.பி.எஸ். தாங்குமா என்று பார்க்கப் பலரும் செய்வது, கம்ப்யூட்டர் ஓடும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது. இதில் இரண்டு தவறுகள். யூ.பி.எஸ். தாங்காவிட்டால் கம்ப்யூட்டர் தடாலென்று அணைந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகலாம். பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்து துண்டிக்கப்படும், யூ.பி.எஸ்.ஸோ அப்போதும் உள்ளிருந்து 230 வோல்ட்டை வெளியிட்டுக்கொண்டிருக்கும். நம் வீட்டுச் சாக்கெட்டுகளில் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் கரண்ட் மட்டும் போகும், எர்த் அப்படியே இருக்கும். சோதனைக்கு அதுதான் சரியான வழி.

கம்ப்யூட்டருக்குப் பதிலாகச் சுமையாக வைக்க ஏற்றது பழைய குண்டு பல்பு, அதாவது இழை சிவந்து எரியும் வகை. 100 வாட் பல்பு ஒன்று, அல்லது 60 வாட் பல்பு இரண்டு. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அந்தச் சுமையில் செத்த பேட்டரியும் நல்ல பேட்டரி போலவே நடிக்கும்.

செய்முறை எளியது. கம்ப்யூட்டரை அணைத்து, யூ.பி.எஸ்.ஸிலிருந்து எல்லா வயர்களையும் கழற்ற வேண்டும். எதுவும் மாட்டாமல் யூ.பி.எஸ்.ஸை மட்டும் ஆன் செய்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் ஆக விட வேண்டும். சுமையே இல்லாத இந்த நிலையிலும் நீளமாகக் கத்தினால், அது ஓவர்லோடு அல்ல. பேட்டரி அல்லது சர்க்யூட். சார்ஜ் ஆனபின் பல்பை மாட்டி, சுவரில் கரண்ட் இருக்கும்போதே எரியவிட வேண்டும். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், பேட்டரியில் ஓடும்போது பல்பைப் போடக்கூடாது. பல்பு எரிந்துகொண்டிருக்கையில் சுவர் சுவிட்சை அணைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் 100 வாட் பல்பு பத்து நிமிடத்தைத் தாண்டி எரிந்தால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. ஐந்து நிமிடம் என்றால் வயதாகிறது; அடுத்த சில மாதங்களில் மாற்றத் திட்டமிடலாம். ஒரு நிமிடம்கூடத் தாண்டவில்லை என்றால் பேட்டரி முடிந்தது. டி.டி.பி. கடையில் பல்பு அரை நிமிடத்துக்குள் அணைந்துவிட்டது. சோதனை முடிந்ததும் சுவர் சுவிட்சைப் போட்டு மறுபடி சார்ஜ் ஏற விட வேண்டும்.

பல்பு பத்து நிமிடத்தைத் தாண்டி எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டரை மாட்டினால் மட்டும் கரண்ட் போன கணத்தில் அணைகிறது என்றால் பேட்டரியை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். கம்ப்யூட்டர் பல்பைவிட மிக அதிகமாக இழுக்கிறது என்பது ஒரு வாய்ப்பு. மலிவான யூ.பி.எஸ்.கள் வெளியிடும் படிக்கட்டு வடிவ மின்னலையோடு சில புதுவகை பவர் சப்ளைகள் ஒத்துப்போகாதது இன்னொன்று. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குத் தூய சைன் அலை தரும் யூ.பி.எஸ். தேவைப்படும்.

பேட்டரியைக் கையில் எடுக்கும்போது

பேட்டரியை வெளியே எடுத்தும் சோதிக்கலாம். சில மாடல்களில் அடியில் தனிக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் போதும். கதவு இல்லாமல் மேல்மூடியையே கழற்ற வேண்டிய மாடல் என்றால் பழக்கமுள்ள டெக்னீஷியனிடம் கொடுப்பதே நல்லது. சுவரில் செருகியிருக்கும்போது உள்ளே உள்ள பேட்டரி முனைகளைத் தொடுவதோ, அங்கே மீட்டர் வைப்பதோ கூடவே கூடாது. பல சிறிய யூ.பி.எஸ்.களில் பேட்டரி வயருக்கும் 230 வோல்ட் பகுதிக்கும் இடையே முழுமையான பிரிவு இருப்பதில்லை. ‘வெறும் 12 வோல்ட்தானே’ என்று தொட்டவர் ஷாக் வாங்கலாம். சுவரிலிருந்து கழற்றியபின்னும் கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

யூ.பி.எஸ்.ஸை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்தபின் பேட்டரிக் கதவைத் திறக்க வேண்டும். மோதிரம், உலோகப் பட்டை போட்ட கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட வேண்டும். முதலில் தெரிவது சிவப்பு, கறுப்பு வயர்கள். அவற்றின் முனையில் தட்டையான உலோக உறைகள் பேட்டரியின் தகட்டு முனைகளில் இறுக்கமாகச் செருகியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், உறையைப் பிடித்து, கறுப்பை முதலில் கழற்றி டேப் சுற்ற வேண்டும், அடுத்து சிவப்பு. இவ்வளவு சிறிய பேட்டரிகூட முனைகள் ஒன்றோடொன்று உலோகத்தால் இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சும். ஸ்க்ரூ டிரைவர் குறுக்கே விழுந்தால் அதன் நுனி உருகும். மோதிரம் பட்டால் விரல் வெந்துபோகும்.

கழற்றியதும் மீட்டருக்கு முன் கண்ணுக்கு வேலை. பக்கங்கள் உப்பியிருக்கின்றனவா, முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா, மூடியோரம் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரியை மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம். ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால், ஆறுக்கான சார்ஜ் வோல்ட்டேஜ் ஐந்தின் மேல் விழும். அவை கொதித்து, வாயு கட்டி, பிளாஸ்டிக் வீங்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் யூ.பி.எஸ்.ஸைச் சுவர் சுவிட்சில் அணைத்து, ஜன்னலைத் திறந்து, சூடு ஆறும்வரை யாரும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

தோற்றத்தில் குறையில்லாத பேட்டரிக்கு, 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு நல்ல சோதனைச் சுமை. அது ஏறக்குறைய 4.5 ஆம்பியர் இழுக்கும். பல்புக்குப் போகும் வயரில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் பல்பு கைபட்டால் கொப்புளிக்கும் அளவுக்குச் சூடாகிவிடும். ஆகவே அதை ஓடு அல்லது செங்கல் மேல்தான் வைக்க வேண்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு வயர் ‘V’ துளையில் இருக்கிறதா என்று இருமுறை பார்க்க வேண்டும். ஆம்பியர் அளக்கும் ‘10A’ துளையில் அது இருந்தால், முனையில் வைத்த கணமே மீட்டர் பேட்டரியை ஷார்ட் செய்துவிடும்.

கடையின் பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 காட்டியது. ஹெட்லைட் பல்பை இணைத்ததும் 11.8. அதோடு நிற்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 11.6, 11.3 என்று இறங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் 10.5-ஐத் தொட்டது, வெளிச்சமும் மங்கியது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே இழுத்தால் பேட்டரிக்குத்தான் கேடு. புதுப் பேட்டரியாக இருந்தால் இதே பல்புக்குப் பத்து நிமிடம் கழித்தும் 12-ஐ ஒட்டியே நிற்கும், முக்கால் மணி நேரத்துக்கு மேலும் எரியும்.

மாற்றும்போது

புதுப் பேட்டரியின் விலை புது யூ.பி.எஸ். விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். சர்க்யூட் நன்றாக இருந்தால் பேட்டரி மட்டும் மாற்றுவதே லாபம். பழையதில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர்-அவர், நீள அகலம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அதே அளவுப் பெட்டியில் 9 ஆம்பியர்-அவர் பேட்டரியும் கிடைக்கிறது. இடம் பொருந்தினால் அதைப் போடலாம், சில நிமிடங்கள் கூடுதலாக நிற்கும். இரண்டு பேட்டரி போட்ட 1000 வி.ஏ. மாடலில் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. பழையது சரியும்போது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பேக்கப் நிறைய வேண்டுமென்று, வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியைச் சிறிய யூ.பி.எஸ்.ஸில் வயர் இழுத்து மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். பத்து நிமிடம் ஓடுவதற்கென்று செய்த டிரான்ஸ்பார்மர் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறலாம். அதன் சிறிய சார்ஜரால் அவ்வளவு பெரிய பேட்டரியை முழுதாக நிரப்பவும் முடியாது. நீண்ட நேரம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த இன்வெர்ட்டரை வாங்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேட்டு வாங்க வேண்டும். அலமாரியில் சார்ஜ் இல்லாமல் ஓராண்டு கிடந்த பேட்டரி, பிரிக்காத பெட்டியிலேயே பாதி வயதைக் கழித்திருக்கும். மீட்டர் வைக்கச் சொல்லிப் பார்த்தால், சும்மா இருக்கும் நிலையில் 12.6-க்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே காட்டும் புதுப் பேட்டரியை இந்த எண்ணை மட்டும் வைத்தே மறுத்துவிடலாம்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடவோ, உடைத்து ஈயம் எடுக்கும் ஆளிடம் கொடுக்கவோ கூடாது. உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். உடைக்கும் இடத்தின் மண்ணிலும், அங்கே விளையாடும் பிள்ளைகளின் இரத்தத்திலும் அந்த ஈயம் சேர்கிறது. இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பது பரவலான வழக்கம். இரு முனைகளிலும் டேப் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

புதுப் பேட்டரி போட்டு, ஒரு நாள் சார்ஜ் ஆனபின், அதே 100 வாட் பல்பை மாட்டி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்த்து, தேதியோடு யூ.பி.எஸ். மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும். கடைக்காரர் எழுதியது 18 நிமிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பல்பில் அதே சோதனையைச் செய்து பக்கத்தில் எழுதிவந்தால், 18 என்பது 14 ஆவதும் 9 ஆவதும் தாளிலேயே தெரியும். பாதிக்கு வரும்போது பேட்டரிக்குச் சொல்லிவைக்கலாம்.